கோபுரத்தில் மாட்டிய ஃபோகஸ் லைட்டுகளைக் கழற்றிய கதை

டெல்டா வயர்மேன்:
பழைய கட்டடங்களுக்கு ராத்திரி லைட்டிங் செய்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்னுடையது இது. பக்கத்து ஊர்ச் சிவன் கோயில், ஐந்து நிலைக் கோபுரம், அடிப்பகுதி கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், வர்ணம் பூசிய சுதைச் சிற்பங்கள். திருவிழாவுக்குள் முடிக்கணும் என்று 200 வாட் ஃபோகஸ் லைட் பன்னிரண்டு வாங்கி, பளிச்சென்ற 6500 கெல்வின் வெள்ளையில் ஒரே வாரத்தில் மாட்டினோம். எட்டு தரையில், நான்கு கோபுரத்தின் விளிம்புகளிலேயே ஆங்கர் போல்ட் அடித்து.

முதல் ராத்திரி ஊரே கைதட்டியது. எனக்கு மட்டும் சாமி முகங்கள் சரியாகப் படவில்லை. விளிம்பில் இருந்த லைட் நேர் கீழிருந்து அடித்ததால் மூக்கின் நிழல் நெற்றியில் ஏறி, துவாரபாலகர் பார்க்கவே வேறு யாரோ மாதிரி இருந்தார். தேர்வீதியில் பைக்கில் வருபவர்கள் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். மழை பெய்த மறுநாள் ஈசல் செத்துக் குவிந்து, எறும்பு ஏறி, கருங்கல்லில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்தது. அடுத்த மழைக்காலம் முடியும்போது போல்ட் அடித்த இடங்களில் துருக்கறை வழிய ஆரம்பித்தது.

கழற்றினோம். இப்போது கோபுரத்தின் மேல் ஒரு திருகாணி கூட இல்லை. எதிரே வீதி ஓரத்தில் நான்கு கம்பம், குழி தோண்டாமல் காங்கிரீட் கட்டையை அடிப்பாரமாக வைத்து நிறுத்தினோம், கம்பத்துக்கு இரண்டாக 30 வாட் லைட் எட்டு, கலரையும் மஞ்சள் சாய்ந்த 3000 கெல்வினுக்கு மாற்றினோம். முன்பு 2400 வாட், இப்போது 240. வித்தியாசம் எங்கே வந்தது என்றால், பழைய லைட் 60 டிகிரிக்கு விரியும். 20 மீட்டர் தள்ளிப் போனால் அதன் வெளிச்சம் 23 மீட்டர் அகலம் ஆகிவிடும், ஆனால் மேல்நிலையின் அகலமே ஆறு மீட்டர்தான், மிச்சமெல்லாம் வானத்துக்கு. புதியது 15 டிகிரி, அதே தூரத்தில் ஐந்தேகால் மீட்டர்தான் விரியும். ஒரு பக்கக் கம்பத்தை மற்றதைவிடப் பாதி மங்கலாக வைத்ததும் சிற்பங்களுக்கு உருட்சி வந்துவிட்டது.

பொறியாளர் 72:
நல்ல பதிவு. ஆனால் கலரை மாற்றியது வீண் வேலை என்று நினைக்கிறேன். எல்இடியில் புற ஊதா இல்லை, சூடும் முன்னால் வராது, பின்பக்கத் தகட்டில்தான் இறங்கும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் காலத்தில்தான் பூச்சி, வர்ணம் வெளுப்பது எல்லாம். எல்இடி எந்தக் கலராக இருந்தாலும் பூச்சி வராது.

டெல்டா வயர்மேன்:
சார், புற ஊதா விஷயத்திலும் சூட்டிலும் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஈசல் வந்ததை நானே கூட்டி அள்ளினேன். 6500-இல் நீலம் அதிகம், பூச்சிக்கு நீலமே போதும். 3000-க்கு மாற்றியபின் குறைந்தது. வாட்டும் பத்தில் ஒன்றாகிவிட்டதால் எதனால் எவ்வளவு குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சுண்ணாம்புக் கரண்டி:
நான் சுதை வேலை பழுது பார்ப்பவன். அந்த போல்ட் விஷயத்தை லேசாக விடாதீர்கள் தம்பி. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், கல்லுக்குள் இருந்தால் கல்லைப் பிளக்கும், சுதைக்குள் இருந்தால் சாந்தைத் தள்ளிவிடும். கறை தெரிவதற்கு முன்பே உள்ளே வேலை நடந்திருக்கும். ஓட்டையைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கெட்டியான இடம் 'டங்' என்று சொல்லும், விட்டுப்போன இடம் பானை மாதிரி ஒலிக்கும். போல்ட்டை உருவியபின் ஓட்டையை எதை வைத்து அடைத்தீர்கள்?

டெல்டா வயர்மேன்:
சிமெண்ட் ஐயா.

சுண்ணாம்புக் கரண்டி:
கருங்கல்லில் இருப்பதை அப்புறம் பார்க்கலாம். சுதையில் இருப்பதை எடுத்துவிடுங்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, சுண்ணாம்பு விடும். ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் தங்கி உப்பு பூத்துப் பக்கத்துச் சாந்து உதிரும். சுண்ணாம்பும் மணலும் கலந்து இரண்டு மூன்று தடவையாக அடையுங்கள், ஒவ்வொரு தடவையும் இறுகட்டும். எங்காவது மாட்டியே தீரவேண்டும் என்றால் செங்கல் இடுக்கில் இருக்கும் சாந்தில் மாட்டுங்கள், துருப்பிடிக்காத ஸ்டீலில். சாந்து போனால் திரும்பப் பூசலாம்.

புதுமனை சாந்தி:
அண்ணா, எங்கள் வீட்டு முகப்புக்கும் இதே 15 டிகிரி லைட் போடலாமா? கார் நிறுத்தும் இடத்தில் தரையில் பதிக்கிற மாதிரி கேட்கிறேன்.

டெல்டா வயர்மேன்:
வீட்டுக்கு 15 ரொம்பக் குறுகல் அம்மா, சுவரில் கோடு கோடாக விழும். தரையில் பதிப்பதும் வேண்டாம், மழைத்தண்ணீர் இறங்கி ஒரு வருஷத்தில் கண்ணாடிக்குள் வியர்த்துவிடும், நடப்பவர் கண்ணிலும் அடிக்கும். சுவரில் மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி போடுங்கள்.

இரவுச் சிறகு:
யாரும் வௌவால் பற்றிக் கேட்கவில்லையே. நான் கோயில்களில் வௌவால் கணக்கெடுக்கப் போகிறவள். அந்தக் கோபுரத்தில் இருக்கிறதா?

டெல்டா வயர்மேன்:
இருக்கு அக்கா, இலைமூக்கு வௌவால் என்று அர்ச்சகர் பையன் சொன்னான். முன்பெல்லாம் ஆறேமுக்காலுக்கு மூன்றாம் நிலை வாசல் வழியாகக் கும்பலாக வெளியே வரும். வெள்ளை லைட் எரிந்த மாதங்களில் ஏழரை ஆனாலும் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது மேற்கு முகத்துக்கு லைட்டே போடவில்லை. கிழக்கு முகம் ஏழேகாலுக்கு எரிந்து ஒன்பதரைக்கு டைமரில் அணையும்.

இரவுச் சிறகு:
நல்ல காரியம், அந்த ஏழேகாலை மட்டும் மாற்றாதீர்கள். பொழுது சாய்ந்த உடனேதான் கொசுவும் பூச்சியும் அதிகம் பறக்கும், அரைமணி தாமதமானால் அன்றைய இரையில் பெரும்பங்கு போயிற்று. ஆனால் வாசல் இருட்டாக இருந்தால் போதாது. வெளியே வந்து எந்தப் பக்கம் போகின்றன என்று நான்கு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் குளக்கரை மரவரிசையை ஒட்டிப் போகும். அந்த வழியில் உங்கள் கம்பத்து வெளிச்சம் சிந்தினால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. சிவப்பு கலந்த ஆம்பர் போட்டால் இன்னும் நல்லது, வெளிச்சத்துக்குப் பயப்படும் வௌவால்கள் சிவப்பை ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன.

டெல்டா வயர்மேன்:
ஆம்பர் ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தேன் அக்கா. சுதையில் நீலமும் பச்சையும் கருப்பாகிவிட்டது, விஷ்ணுவும் காளியும் ஒரே நிறம். ஊரில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கருங்கல் அடிப்பகுதிக்கு மட்டும் ஆம்பர் போட யோசனை. அங்கே கல்வெட்டு இருக்கு, சுவரை ஒட்டிச் சாய்வாக அடித்தால் எழுத்து பகலைவிட நன்றாகத் தெரிகிறது.

கரைநடை:
நான் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டைகளைப் பாதுகாக்க ராத்திரி நடப்பவன். ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும், குஞ்சு வர நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆகும். குஞ்சு வெளிச்சமான திசையைத்தான் கடல் என்று நம்பி ஊரும். மாமல்லபுரம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் ஒன்பதரைக்கு அணைப்பது போதாது, குஞ்சு நடு இரவிலும் விடிகாலையிலும் வரும். அங்கே லைட்டின் முகமே மணலில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. நான் மண்டியிட்டுத் தலையை மணல் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்ப்பேன். பல்பு கண்ணில் பட்டால் ஆமைக்கும் படும்.

டெல்டா வயர்மேன்:
இதை நான் தேர்வீதியிலும் செய்து பார்க்கிறேன் அண்ணா, பைக் ஓட்டுபவன் கண் உயரத்தில். இரண்டாவது கம்பத்து லைட்டுக்குப் பக்கவாட்டில் பல்பு தெரியாமல் மறைக்கும் தேன்கூட்டுத் தடுப்பு போட்டும் வளைவில் திரும்பும்போது பல்பு தெரிகிறது என்று ஒரு டீக்கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கம்பத்தை ஒரு மீட்டர் தள்ளினால் மரவரிசைப் பக்கம் சிந்தும் போலிருக்கு. இந்த வாரம் நான்கு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.