ஊர்ல வீட்டுக் கடன், சம்பளம் டப்ளின்ல: இரண்டாவது தவணையில வட்டி ஏன் கூடுது?

பாபநாசம் – டப்ளின்
எல்லாருக்கும் வணக்கம். பாபநாசத்துல வீடு வாங்க 20 லட்சம் கடன், 9 சதவீதம், 15 வருஷம். மார்ச் 10 முழுத் தொகையும் கொடுத்துட்டாங்க. தவணை தேதி ஒவ்வொரு மாசமும் 5. நான் இங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, பாஸ்புக் அப்பா கையில இருக்கு. அவர் அனுப்பின போட்டோவுல இருக்கறது இது:

ஏப்ரல் 5: வட்டி 12,822. அசல் எதுவும் இல்லை.
மே 5: தவணை 20,285. அதுல வட்டி 14,795.
ஜூன் 5: தவணை 20,285. அதுல வட்டி 15,246.

அசல் குறைஞ்சா வட்டியும் குறையணும்தானே? இங்க கூடியிருக்கு. “பேங்க்ல ஏமாத்துறாங்க, கிளைக்குப் போய் சத்தம் போடப் போறேன்”னு அப்பா நிக்கிறார். முதல்ல 20,285 சரியான்னே எனக்குத் தெரியலை. எப்படிப் பார்க்கிறது?

குத்தாலம் – டொராண்டோ
தவணையே தப்புங்க. 9ஐ 12ஆல வகுத்து மாச வட்டின்னு வச்சுக்கிறது சரியில்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை கூட்டு வட்டி, அதுலேருந்துதான் மாச விகிதத்தை எடுக்கணும். அப்படிப் போட்டா 20,090 சொச்சம்தான் வருது. மாசத்துக்கு 195 ரூபா கூட வாங்குறாங்க. கேளுங்க, விடாதீங்க.

திருவாரூர் – ஆக்லாந்து
தம்பி டொராண்டோ, நீங்க சொன்ன கணக்கு கனடாவுக்குச் சரி. அங்க நிலையான வட்டி வீட்டுக் கடனுக்கு அரையாண்டுக் கூட்டுதான். அதைத் தூக்கிட்டு வந்து பாபநாசத்துல வச்சா பொருந்தாது. நம்ம ஊர் வங்கிகள் தவணை போடும்போது வருஷ விகிதத்தை 12ஆல நேரா வகுத்துடும். நான் கடன் பிரிவுல இருந்தவன், இப்ப மகன் வீட்டுல இருக்கேன், பொழுது இருக்கு. வரிசையாச் சொல்றேன்.

நம்ம பக்கம் பேசுற பாஷையில 9 சதவீதம்னா நூத்துக்கு முக்கால் வட்டி. 20 லட்சத்துக்கு ஒரு மாச வட்டி 15,000. இதை மனசுல வச்சுக்குங்க, மத்ததெல்லாம் இதுலேருந்து வருது.

முக்கால் வட்டின்னா ஒரு ரூபாய்க்கு 0.0075, அதோட ஒண்ணைச் சேர்த்தா 1.0075. 15 வருஷம்னா 180 மாசம். அடுத்து 1.0075ஐ 180 தடவை தன்னாலேயே பெருக்கணும். போன் கால்குலேட்டரைப் படுக்கை வாட்டத்துல திருப்பினா x^y பட்டன் வரும். 1.0075, அந்தப் பட்டன், 180. விடை 3.838. அதுல ஒண்ணைக் கழிச்சா 2.838. இப்ப 15,000ஐ 3.838ஆல பெருக்கி 2.838ஆல வகுத்தா 20,285. ஆக உங்க தவணை சரி.

ஒரு எச்சரிக்கை. 3.838ஐ 3.8னு சுருக்கிட்டா தவணை 20,357னு காட்டும், 72 ரூபா எகிறிடும். குறைஞ்சது மூணு தசமமாவது வச்சுக்கணும். ஷீட்ல போடுறவங்களுக்கு:

```
=PMT(0.09/12, 180, -2000000)
=IPMT(0.09/12, 1, 180, -2000000)
=PPMT(0.09/12, 1, 180, -2000000)
```

முதல் வரி தவணை, ரெண்டாவது முதல் மாச வட்டி, மூணாவது முதல் மாச அசல். நடுவுல இருக்கிற அந்த 1ஐ 2, 3னு மாத்தினா அடுத்தடுத்த மாசம் வரும். /12 போட மறந்தா தவணை 1,80,000னு வந்து நிக்கும், பயந்துடாதீங்க.

பிரிக்கிறதுக்குச் சூத்திரமே வேண்டாம். முதல் மாசம் வட்டி 15,000. தவணையில மிச்சம் 5,285.33, அது அசலுக்குப் போகும். பாக்கி 19,94,714.67. அந்தப் பாக்கிக்கு முக்கால் வட்டி 14,960.36. மிச்சம் 5,324.97 அசலுக்கு. மூணாவது மாசம் வட்டி 14,920.42, அசல் 5,364.91. வட்டி மாசத்துக்கு 40 ரூபா சுமாருக்குத்தான் இறங்குது. அவ்வளவு மெதுவாத்தான் நகரும். அசல் பங்கு வட்டிப் பங்கை முந்துறது 89ஆவது தவணையிலதான், அதாவது ஏழு வருஷம் தாண்டி.

பாபநாசம் – டப்ளின்
ரொம்ப நன்றிங்க சார். தவணை புரிஞ்சுது. ஆனா உங்க கணக்குப்படி ரெண்டாவது மாச வட்டி 14,960. பாஸ்புக்ல 15,246. 286 ரூபா கூட இருக்கே?

நீடாமங்கலம் – ஷார்ஜா
எனக்கும் இதே பிரச்சினைதாங்க. 20 லட்சம் சாங்ஷன், வீடு கட்டிட்டிருக்கோம், லிண்டல் மட்டம் வரைக்கும் 8 லட்சம் கொடுத்திருக்காங்க. மாசம் 6,000 கட்டுறேன், தவறாமக் கட்டுறேன். அசல் அப்படியே 8 லட்சத்துல நிக்குது, அஞ்சு பைசா குறையலை. இது என்ன நியாயம்?

திருவாரூர் – ஆக்லாந்து
ஷார்ஜா தம்பி, உங்களோடது வேற விஷயம். 8 லட்சத்துக்கு முக்கால் வட்டி போட்டுப் பாருங்க, 6,000 வரும். நீங்க கட்டுறது வெறும் வட்டி, தவணை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கூரை போட்டு மீதிப் பணமும் வாங்கின பிறகுதான் ஆரம்பிக்கும். அந்த 15 வருஷமும் அன்னைக்குத்தான் எண்ண ஆரம்பிப்பாங்க. கொத்தனார் ஆறு மாசம் இழுத்தா ஆறு மாச வட்டி உங்க தலையில. வாங்கின தொகைக்கே தவணையை இப்பவே ஆரம்பிக்க முடியுமான்னு எழுத்துல கேளுங்க, சில இடத்துல ஒத்துப்பாங்க.

டப்ளின் கேள்விக்கு வரேன். நான் மேல போட்டது எல்லா மாசமும் ஒரே நீளம்னு வச்சுப் போட்ட கணக்கு. உங்க வங்கி நாள் கணக்குல வட்டி போடுது. 20 லட்சத்துக்கு வருஷ வட்டி 1,80,000. அதை 365ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 493.15.

மார்ச் 10லேருந்து ஏப்ரல் 5 வரைக்கும் 26 நாள். 493.15ஐ 26ஆல பெருக்குங்க, 12,822. தவணை முறை தொடங்குறதுக்கு முந்தின துண்டு நாளுக்கான வட்டி அது, அதனாலதான் அதுல அசல் இல்லை. 180 தவணைக் கணக்குல இது சேராது. அப்பாகிட்ட இதை முதல்ல சொல்லுங்க.

ஏப்ரல் 5லேருந்து மே 5க்கு 30 நாள். வட்டி 14,794.52. தவணையில மிச்சம் 5,490.48 அசலுக்குப் போச்சு, பாக்கி 19,94,509.52.

மே 5லேருந்து ஜூன் 5க்கு 31 நாள். குறைஞ்ச பாக்கிக்கு ஒரு நாள் வட்டி 491.80. அது 31 நாளுக்கு 15,245.70. பாஸ்புக்ல இருக்கறது இதேதான். அசல் குறைஞ்சதால நாளுக்கு ஒண்ணேகால் ரூபா சொச்சம் குறைஞ்சது, ஆனா ஒரு நாள் கூடினதால 491 ரூபா ஏறிடுச்சு. ஜூலை 5க்கு 30 நாள்தான், வட்டி 14,717க்கு இறங்கணும். இறங்கலைன்னா அப்பா தாராளமாப் போய் சத்தம் போடட்டும்.

மன்னார்குடி – மெல்போர்ன்
அப்ப 5ஆம் தேதிக்குப் பதிலா 31ஆம் தேதியே கட்டிட்டா லாபம்தானே?

திருவாரூர் – ஆக்லாந்து
20,285ஐ அஞ்சு நாள் முன்னாடி கட்டினா மிச்சம் 25 ரூபா, அதுவும் தினசரி பாக்கிக்கு வட்டி போடுற வங்கியா இருந்தாத்தான். காபிக் காசு. அதுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு உண்மையான செலவு எங்க வருதுன்னா, 5ஆம் தேதி அன்னைக்குக் கணக்குல பணம் இல்லாமத் திரும்புறதுலதான். நீங்க அனுப்பின பணம் சனி ஞாயிறுல சிக்கிக்கும். ஒரு தவணைப் பணத்தை எப்பவும் கூடுதலாக் கணக்குலயே விட்டு வைங்க.

பணம் மிச்சம் பண்ணணும்னா வேற வழி இருக்கு. மாசக் கணக்குப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. முதல் தவணையோட கூட 5,325 கட்டினா ரெண்டாவது வரியோட அசல் தீர்ந்து போகுது. கடன் ஒரு வரி கீழே குதிச்சுடும், அந்த வரியில இருந்த 14,960 வட்டி காணாமப் போகும், கடைசியில ஒரு மாசம் குறையும். பிற்காலத்துல ஒரு வரி தாண்ட நிறைய அசல் கட்டணும், மிச்சமாகிற வட்டியும் கொஞ்சம்தான். அதனால கூடுதலாக் கட்டுறதுன்னா ஆரம்ப வருஷங்கள்லதான். கட்டும்போது “தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைங்க”ன்னு எழுதிக் கொடுக்கணும். இல்லேன்னா சில இடத்துல அது அடுத்த தவணைக்கு முன்பணமாக் கிடக்கும்.

குத்தாலம் – டொராண்டோ
சரிங்க மாமா, கனடா கணக்கை இங்க கொண்டுவந்தது என் தப்பு. ஆனா ஒரு சந்தேகம். லீப் வருஷத்துல 365ஆல வகுப்பாங்களா, 366ஆலயா? ஒரு நாளைக்கு 493.15க்குப் பதிலா 491.80 ஆகுமே.

திருவாரூர் – ஆக்லாந்து
நான் பார்த்த வரைக்கும் 365தான்.

மன்னார்குடி – மெல்போர்ன்
எங்க அண்ணன் கடன் பத்திரத்துல “அந்த வருஷத்தின் நாட்கள்”னு போட்டிருக்கு சார். வங்கிக்கு வங்கி மாறும் போல. அவங்கவங்க கையெழுத்துப் போட்ட பத்திரத்தைப் பார்த்துக்கறது நல்லது.

பாபநாசம் – டப்ளின்
அப்பாகிட்ட 26 நாள், 30 நாள், 31 நாள்னு விரல் விட்டு எண்ணச் சொன்னேன். இப்ப அடங்கிட்டார். இன்னொண்ணு மட்டும்: ஜூன் 5லயே 590 ரூபான்னு தனியா ஒரு வரி இருக்கு, விவரம் ஏதோ சுருக்கெழுத்து. அது எந்தக் கணக்குலயும் வரலை.

திருவாரூர் – ஆக்லாந்து
500க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 590. ஏதோ கட்டணம், வட்டி இல்லை. எதுக்குன்னு கிளைதான் சொல்லணும். அதை அசல் பாக்கியில ஏத்தியிருக்காங்களா, சேமிப்புக் கணக்குலேருந்து எடுத்திருக்காங்களான்னு பாருங்க. அசல்ல ஏத்தியிருந்தா ஜூலை வட்டி நான் சொன்ன 14,717ஐ விட நாலஞ்சு ரூபா கூட வரும்.

பாபநாசம் – டப்ளின்
கடன் கணக்குலதான் ஏத்தியிருக்கு சார். திங்கட்கிழமை அப்பா கிளைக்குப் போறார்.