சொல்லாமல் போற சிநேகிதியளிட்ட இதை எப்பிடிக் கேக்கிறது?

நான் கிளிநொச்சி. ஏ.எல் படிச்ச காலத்தில இருந்து ஒண்டாத் திரியிற கூட்டம் எங்கட. போன வருசக் கடைசியில என்ர வேலை நேரம் மாறினதுக்குப் பிறகு என்னை விட்டிட்டுப் போகினம். வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு வான் பிடிச்சுப் போனதை வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலதான் பாத்தன். நான் வழமையா இருக்கிற யன்னல் சீற்றில வேற ஆள். நெஞ்சு அடைச்சுப்போச்சு.

குறூப்பில "என்னையும் கூப்பிடுங்கோவன்" எண்டு போட்டன், சிரிப்புப் படம்தான் வந்தது. ஒருத்தியிட்டத் தனியக் கேட்டன். "உனக்கு லீவு கிடைக்காதெண்டு நினைச்சம்" எண்டாள். உண்மையாவும் இருக்கலாம், ஆனா ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. கொஞ்சநாள் கதைக்காமலும் இருந்து பாத்தன், ஒருத்தரும் கவனிக்கேல்லை.

எனக்குச் சண்டை வேண்டாம். வரேலுமோ இல்லையோ எண்டதை நான் சொல்லுறன், நீங்களா முடிவெடுக்காதேங்கோ, இதுதான் சொல்லோணும். எல்லாரும் இருக்கேக்க சொல்லுறதோ, பயணம் ஒழுங்குபடுத்திறவளிட்ட மட்டும் நேரில சொல்லுறதோ?