27°C-லிருந்து 47°C-க்குப் போன சிலிண்டர்: எனக்கு 348 பார், விடைத்தாளில் 213. எங்கே தப்பு?

தங்கச்சிமடம் பிளஸ் ஒன்:
டியூஷன் தேர்வுக்கு வந்த கணக்கு. சங்கு குளிக்கப் போற வள்ளத்தில் ஒரு காற்றுச் சிலிண்டர். காலையில் 27°C, உள்ளே அழுத்தம் 200 பார். மதியம் வெயிலில் கிடந்து 47°C ஆகுது. கனஅளவு மாறலை.

(அ) மதியம் அழுத்தம் எவ்வளவு?
(ஆ) எந்த வெப்பநிலையில் 220 பார் ஆகும்?

P₁/T₁ = P₂/T₂ போட்டேன். (அ) 200 × 47/27 = 348 பார். (ஆ) 27 × 220/200 = 29.7°C. விடைத்தாளில் 213 பாரும் 57°C-யும் இருக்கு. 348 ரொம்ப அதிகம்னு எனக்கே தெரியுது. ஆனா 29.7 சரியாத்தானே தோணுது? இரண்டுக்கும் ஒரே சூத்திரம்தான் போட்டேன்.

தொண்டி இன்ஜினியரிங்:
தம்பி, வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாத்தலை, அவ்வளவுதான். வெப்பநிலை ஏறினது 20 டிகிரி. அதோட 273 கூட்டினா 293. அதை வச்சுப் போடுங்க. இன்னொண்ணு, வித்தியாசம் மட்டும் வேணும்னா கெல்வினே தேவையில்லை. செல்சியஸில் 20 டிகிரி ஏறினா கெல்வினிலும் 20தான்.

தேவிபட்டினம் டீச்சர்:
தொண்டித் தம்பி சொன்னதில் கடைசி வரி சரி. அதுக்கு முந்தினது தப்பு. 273-ஐ ஏறின அளவோட கூட்டக்கூடாது, ஒவ்வொரு வெப்பநிலையோடயும் தனித்தனியா கூட்டணும். 27 + 273 = 300. 47 + 273 = 320. வித்தியாசம் அப்பவும் 20தான். 293-ன்னு எழுதினா சிலிண்டர் 293 டிகிரி ஏறிடுச்சுன்னு ஆயிடும்.

(அ) 200 × 320/300 = 213.3 பார்.
(ஆ) 300 × 220/200 = 330 கெல்வின். கேட்டது செல்சியஸில்னா 330 − 273 = 57°C. இந்தக் கடைசி வரியை விட்டுட்டு 330-ஐயே விடையா எழுதி மார்க் இழக்கிறவங்களும் உண்டு.

ஏன் செல்சியஸில் போடக்கூடாதுன்னா, சூத்திரம் கேட்கிறது விகிதத்தை. கொல்லைச் சுவருக்கு வெளியே நின்னு உள்ளே இருக்கிற ரெண்டு தென்னையைப் பாருப்பா. சுவருக்கு மேலே ஒண்ணு 27 அடி தெரியுது, இன்னொண்ணு 47 அடி. எது எவ்வளவு கூடுதல்னு கேட்டா 20 அடின்னு சரியா சொல்லலாம். எத்தனை மடங்குன்னு கேட்டா, சுவர் மறைச்ச உயரத்தையும் சேர்க்காம சொல்ல முடியாது. செல்சியஸின் சுழி தண்ணி உறையிற இடம், அது அந்தச் சுவரின் மேல்விளிம்பு. வாயுவின் அழுத்தம் சுழிக்கு இறங்குற கணக்கு −273-ல்தான் வருது, அதுதான் தரை.

தங்கச்சிமடம் பிளஸ் ஒன்:
புரியுது டீச்சர். ஆனா 29.7 ஏன் தப்புன்னே தெரியாத மாதிரி வந்துச்சு?

தேவிபட்டினம் டீச்சர்:
நல்ல கேள்வி. இந்தப் பிழையில் ஆபத்தான பக்கம் அதுதான். அழுத்தத்தைக் கேட்டா விடை 348-ன்னு எகிறும், பார்த்ததுமே சந்தேகம் வரும். வெப்பநிலையைக் கேட்டா விடை நம்ம ஊர் வெயிலுக்குள்ளேயே அடங்கிடும். 29.7°C-ன்னா யாருக்கும் கண் உறுத்தாது.

அதனால விடையைப் பார்த்துச் சந்தேகப்படாம, ஒரு டிகிரிக்கு எவ்வளவுன்னு சரிபாரு. 300 கெல்வினில் 200 பார் இருக்கு. ஒரு டிகிரி ஏறினா 200/300, அதாவது பாரில் மூணில் ரெண்டு பங்கு ஏறும். 20 டிகிரிக்கு 13.3 பார், (அ) சரி. 20 பார் ஏறணும்னா 30 டிகிரி வேணும், 27 + 30 = 57, (ஆ) சரி. உன் 29.7 படி 2.7 டிகிரியிலேயே 20 பார் ஏறியிருக்கணும். டிகிரிக்கு ஏழு பாருக்கு மேல வருது, அது நடக்காது.

தொண்டித் தம்பியின் பாதி உண்மை இங்கேதான் உதவுது. ஏறின டிகிரியைச் செல்சியஸிலேயே எடுக்கலாம். ஆனா கீழே வகுக்கிற 300 கெல்வினில் இருந்தே ஆகணும்.

தொண்டி இன்ஜினியரிங்:
சரி டீச்சர். 273-ஆ, 273.15-ஆ? தேர்வில் எதைப் போடச் சொல்றீங்க?

தேவிபட்டினம் டீச்சர்:
இந்தக் கணக்குக்கு ரெண்டும் 213.3தான் தரும். கேள்வியில் 273.15 கொடுத்திருந்தா அதையே போடுங்க.

பாம்பன் மீன்பெட்டி:
ஐஸ்பெட்டியில் காலி தண்ணி பாட்டிலை மூடி போட்டு இறுக்கி வச்சா நசுங்கிடுது. அதுவும் இந்தக் கணக்குதானா? பாட்டில் மட்டம்னு இல்ல நினைச்சோம்.

தேவிபட்டினம் டீச்சர்:
அதேதான் அண்ணே. வெளியே 27°C, ஐஸுக்குள்ளே 0°C. 273/300 = 0.91. ஒரு லிட்டர் காற்று சுமார் 910 மில்லியா சுருங்கும், மெல்லிய பாட்டில் அந்த அளவுக்கு உள்வாங்கும். உள்ளே ஈரம் இருந்தா இன்னும் கொஞ்சம் கூடுதலா.

தம்பி, இதையே செல்சியஸில் போட்டுப் பாரு. 0/27 = 0. பாட்டிலில் காற்றே இல்லைன்னு வரும். உப்புப் போட்ட ஐஸ் −5°C ஆச்சுன்னா கனஅளவு குறை எண்ணாகும். செல்சியஸில் போட்டோமாங்கிற சந்தேகம் வந்தா, அதே கணக்கில் ஒரு வெப்பநிலையை 0 ஆக்கிப் பார். அபத்தம் உடனே தெரியும்.

கீழக்கரை டயர் கடை:
நீங்க சொல்ற கணக்கு டயருக்கு ஒத்து வரலையே டீச்சர். 27°C-ல் 30 பிஎஸ்ஐ அடிச்சா, 47°C-ல் 30 × 320/300 = 32 வரணும். மீட்டர்ல 33 காட்டுது. கெல்வினில்தான் போட்டேன்.

தேவிபட்டினம் டீச்சர்:
நீங்க வெப்பநிலையைச் சரியா மாத்திட்டீங்க, அழுத்தத்தை மாத்தலை. டயர் மீட்டர் வெளிக்காற்றுக்கு மேலே இருக்கிறதை மட்டும் காட்டும். இதுவும் அந்தச் சுவர்தான், இந்த முறை அழுத்தத்தில். வெளிக்காற்று 14.7 பிஎஸ்ஐ-ஐச் சேருங்க: 44.7 × 320/300 = 47.7. திரும்பக் கழிச்சா 33. டயரின் கொள்ளளவு கொஞ்சம் மாறும், அதை விட்டுடலாம்.

200 பார் சிலிண்டரில் இந்த வேறுபாடு தெரியாது. 201-ஆ வச்சுப் போட்டு ஒண்ணைக் கழிச்சாலும் 213.4தான். அழுத்தம் குறைவா இருக்கிற இடத்தில்தான் இது கடிக்கும்.

ஏர்வாடி கடல்:
சிலிண்டர் பத்தி ஒண்ணு. வெயில்ல கிடக்கிற சிலிண்டரின் மீட்டர் இந்தக் கணக்கை விடக் கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டுது. வெளியே தொட்டா 47-ஐ விடச் சூடா இருக்கு.

தேவிபட்டினம் டீச்சர்:
ரெண்டு காரணம் இருக்கலாம். சூத்திரத்தில் வர்றது உள்ளே இருக்கிற காற்றின் வெப்பநிலை, வெளிக்காற்றின் வெப்பநிலை இல்லை. வெயில் நேரா படுற உலோகம் அதைவிடச் சூடாகும். அது தவிர, 200 பாரில் காற்று இந்த எளிய விதிக்கு முழுசா கட்டுப்படாது, டிகிரிக்கு ஏறுற அளவு நாம போட்டதை விடக் கூடும். உங்க சிலிண்டரில் எது எவ்வளவுன்னு, உள்ளே இருக்கிற வெப்பநிலையை அளக்காம பிரிச்சுச் சொல்ல முடியாது.

தங்கச்சிமடம் பிளஸ் ஒன்:
இதே மாதிரி இன்னொரு கணக்கு: 17°C-ல் 150 பார், எப்ப 180 ஆகும்? 290 × 180/150 = 348 கெல்வின், 75°C. டிகிரிக்கு 150/290, சுமார் 0.52 பார். 30 பாருக்கு 58 டிகிரி. 17 + 58 = 75. ஒத்து வருது.

ஏர்வாடி கடல்:
நிழல்ல போட்டு, மேலே ஈரச்சாக்கு மூடி அளந்து பார்த்துட்டு எழுதுறேன்.