செல் வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா: மாசு என்பதா, தொற்று என்பதா?

மாலதி:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை மாணவர்களுக்கான செல் வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கன்டாமினேஷன் என்று வரும் இடங்களிலெல்லாம் 'மாசு' என்று போட்டேன். பூஞ்சை மாசு, ஈஸ்ட் மாசு என்று எல்லாம் இயல்பாகவே அமைந்தன. மைக்கோபிளாஸ்மா அத்தியாயத்தில் மட்டும் உறுத்துகிறது. மாதக்கணக்கில் குடுவைக்குள் இருந்தும் யாருக்கும் தெரியாமல் போகும் என்று கையேடு சொல்கிறது. அதனால் 'மறைமாசு' என்று வைக்க நினைக்கிறேன். பொருந்துமா?

தங்கராசு:
தனிச்சொல் எதற்கு அம்மா? மைக்கோபிளாஸ்மாவும் பாக்டீரியாதான். 'பாக்டீரியா மாசு' என்றாலே போதும். வளர்ப்பு ஊடகத்தை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்த்துத்தான் பயன்படுத்துகிறார்கள். அதையும் மீறி வந்தால் ஊடகம் கலங்கி மஞ்சளாகிவிடும். பல ஆண்டுகள் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன், கலங்கலைப் பார்க்காமல் யாரும் இருக்க முடியாது.

கலாராணி:
தங்கராசு ஐயா, அது பாக்டீரியா என்பது சரி. மற்ற பாக்டீரியாவுக்கு நீங்கள் சொன்னதும் சரி. மைக்கோபிளாஸ்மாவிடம் அந்தக் காவல் எதுவும் நிற்காது. அதற்குச் செல்சுவர் கிடையாது. பெனிசிலின் தாக்குவதே சுவர் கட்டும் வேலையைத்தான், அதனால் இங்கே அதற்கு வேலையே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசினையும் பல வகைகள் தாங்கிக்கொள்கின்றன. சுவர் இல்லாததால் உடல் வளைந்து கொடுக்கும், 0.22 மைக்ரான் துளையில் நுழைந்து வெளியே வந்துவிடும். ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடிக்கு மேல் பெருகிய பிறகும் ஊடகம் தெளிவாகவே இருக்கும். சாதாரண நுண்ணோக்கியில் செல்கள் கொஞ்சம் சோர்ந்தாற்போல் தெரியலாம், அவ்வளவுதான். மருந்து சேர்த்த ஊடகத்தில் மற்ற பாக்டீரியா அடங்கிவிடுவதால், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையும் வந்துவிடுகிறது.

இதன் விளைவை எங்கள் ஆய்வகத்தில் பார்த்தோம். புற்றுநோய்ச் செல்களுக்கு ஜெம்சிட்டபின் கொடுத்து, அந்த மருந்தைத் தாங்கும் வழித்தோன்றலை உருவாக்க ஒரு மாணவி முயன்றுகொண்டிருந்தார். ஒரு குடுவையில் செல்கள் சாகவே இல்லை. எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அந்தக் குடுவையின் பழைய ஊடகத்தை வடித்து, மருந்துக்குச் சாகும் சாதாரண செல்கள்மேல் ஊற்றி, மருந்தையும் சேர்த்தபோது அவையும் பிழைத்தன. தாங்கும் திறன் செல்லுக்குள் இருந்தால் ஊடகத்தோடு சேர்ந்து போகாதே! சோதித்தபோது மைக்கோபிளாஸ்மா ஹையோரைனிஸ் இருந்தது. அதனிடம் உள்ள சிட்டிடின் டீஅமினேஸ் நொதி, மருந்து செல்லுக்குள் போகும் முன்பே அதைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. நாங்கள் வளர்த்தது மருந்தைத் தாங்கும் செல் அல்ல, மருந்தைத் தின்னும் நுண்ணுயிர்.

அதனால் 'பாக்டீரியா மாசு' என்றால் மாணவர் கலங்கலைத் தேடிக்கொண்டே இருப்பார். மாலதியின் 'மறைமாசு' அதைவிட மேல். ஆனாலும் எனக்கு 'மறைதொற்று' என்றுதான் தோன்றுகிறது.

செல்வம்:
நான் வாழைத் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடமும் இதே தொல்லைதான். கிழங்கிலிருந்து எடுத்த முனைக்குள்ளேயே பாக்டீரியா ஒளிந்திருந்து, நாலைந்து சுற்றுப் பெருக்கிய பிறகு அடியில் வெள்ளையாகக் கசியும். நாங்கள் அதை 'உள்மாசு' என்போம். அதையே எடுத்துக்கொள்ளலாமே?

கலாராணி:
செல்வம் தம்பி, கையேடு பேசுவது விலங்குச் செல் வளர்ப்பை. உங்கள் பாக்டீரியா கடைசியில் கசிந்தாவது காட்டிக்கொடுக்கிறது, இது அதுவும் செய்யாது. அப்புறம், 'உள்' என்றால் திசுவோடு வந்தது என்று பொருள்படும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. மனித வாயில் வாழும் மைக்கோபிளாஸ்மா ஓரேல், மாட்டுச் சீரத்தோடு வரும் வகைகள், பன்றியிடமிருந்து வரும் ஹையோரைனிஸ் என்று மூலங்கள் பல. ஒருமுறை ஆய்வகத்துக்குள் வந்துவிட்டால் அடுத்த மூலம் பக்கத்துக் குடுவைதான். 1976-இல் மெக்கேரிட்டி என்ற ஆய்வாளர் இதை வேண்டுமென்றே செய்து பார்த்தார். தொற்றிய செல்களை ஒரு பாதுகாப்புப் பெட்டிக்குள் கையாண்ட பிறகு, நாட்கள் கழித்தும் அதன் தளத்தில் உயிருள்ள மைக்கோபிளாஸ்மா கிடைத்தது. அதே பெட்டியில் வாரம் ஒருமுறை கையாண்ட சுத்தமான வளர்ப்பும் 6 வாரத்துக்குள் தொற்றிக்கொண்டது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுகிறது, செல்லில் ஒட்டிப் பெருகுகிறது. இதைத் தூசு படிந்ததுபோல 'மாசு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செல்வம்:
சரி அம்மா, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். சுவர் இல்லை என்றதும் கத்தரிச் சிற்றிலை நோய் நினைவுக்கு வந்தது. அதை உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மாவும் சுவர் இல்லாத உறவுக்காரன்தான். அதுவும் பெனிசிலினுக்கு மசியாது, டெட்ராசைக்ளினுக்குத்தான் அடங்கும்.

மாலதி:
'தொற்று' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சோதனைப் பகுதியில், மருந்து கொடுத்துக் குணப்படுத்திய வளர்ப்பிலும் பிசிஆர் பாசிட்டிவ் காட்டலாம் என்று வருகிறது. செத்த நுண்ணுயிரின் டிஎன்ஏ மிச்சம் இருப்பதால் அப்படி. அதைத் 'தொற்று' என்றால் தவறாகுமே. 'மாசு' என்றால் இரண்டும் அடங்கும்.

கலாராணி:
நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். சோதனைகள் ஒவ்வொன்றும் காண்பது வேறு வேறு பொருளை. பிசிஆர் காண்பது டிஎன்ஏவை மட்டும். செல்கள் நெருக்கமாக வளர்ந்து, இரண்டு மூன்று நாள் மாற்றாமல் விட்ட ஊடகத்தில் கொஞ்சம் எடுத்து, 95 டிகிரியில் சூடாக்கி, சுழற்றி, மேல்நீரை வைத்துச் செய்கிறோம். சில மணி நேரத்தில் விடை வரும். ஆனால் பழைய ஊடகத்தில் உள்ள பொருள்கள் பிசிஆரையே தடுத்துவிடலாம். அதனால் ஒவ்வொரு குழாயிலும் ஒரு உள்கட்டுப்பாட்டு டிஎன்ஏவைச் சேர்க்க வேண்டும். அதன் பட்டையும் வராவிட்டால் 'நெகட்டிவ்' என்று எழுதக் கூடாது, சோதனை நடக்கவே இல்லை என்றுதான் பொருள்.

உயிர் இருக்கிறதா என்று சொல்வது வளர்ப்புச் சோதனை. 28 நாள் வரை காத்திருந்தால் அகார்மேல் நடுவில் தடித்து ஓரம் மெலிந்து, ஆஃப்பாயில் போன்ற குட்டித் திட்டுகள் தெரியும். ஆனால் ஹையோரைனிஸின் சில ரகங்கள் செல்லோடு வாழ்ந்தே பழகி, அகாரில் வளர மறுக்கும். அதற்காகத்தான் கூடவே, சுத்தமான வீரோ செல்கள்மேல் மாதிரியை ஊற்றிச் சில நாள் வளர்த்து, டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் ஹோக்ஸ்ட் 33258 சாயமிட்டு ஒளிர் நுண்ணோக்கியில் பார்க்கிறோம். சுத்தமான செல்லில் கரு மட்டும் ஒளிரும். தொற்றிய செல்லில் கருவுக்கு வெளியே பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஒளிரும். செத்த செல்களின் உடைந்த கருவின் துகள்களும் அப்படித் தெரிந்து ஏமாற்றும், அவை பெரிதாகவும் சீரற்றும் இருக்கும்.

இவை எதுவானாலும், மாதிரி எடுக்கும் முன் இரண்டு வாரமாவது ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்க்க வேண்டும். மருந்து கொஞ்ச நஞ்சம் அடக்கி வைத்திருந்தால் எண்ணிக்கை குறைந்து சோதனையில் தப்பிவிடும். குணப்படுத்திய வளர்ப்பையும் இதே முறையில் சில தடவை செல் மாற்றிய பிறகே மறுபடி பிசிஆர் செய்வோம், மிச்ச டிஎன்ஏ அதற்குள் நீர்த்துப்போயிருக்கும்.

ஆகவே உயிருள்ளதற்கு 'மறைதொற்று', செத்ததன் மிச்சத்துக்கு 'டிஎன்ஏ எச்சம்' என்று பிரித்துக்கொள்ளலாம்.

தங்கராசு:
கலங்காது என்பதை ஏற்றுக்கொள்கிறேன், கலாராணி. ஆனால் 'தொற்று' என்றால் மனிதருக்கு வரும் நோய் என்றே மாணவர் நினைப்பார். மைக்கோபிளாஸ்மா நிமோனியே நுரையீரலுக்கு வருவது தனிக்கதை. இரண்டும் குழம்பும்.

கலாராணி:
'வளர்ப்புத் தொற்று' என்று முன்னால் ஒட்டிவிட்டால் குழப்பம் தீராதா ஐயா?

தங்கராசு:
வாழைக்கும் அதே சொல் ஆகிவிடுமே!

மாலதி:
இந்த வரைவில் அத்தியாயத் தலைப்புக்கு 'மறைமாசு', பரவலைப் பேசும் பத்திகளில் 'தொற்று', பிசிஆர் பகுதியில் 'டிஎன்ஏ எச்சம்' என்று வைத்து அனுப்புகிறேன். தலைப்பை மாற்றச் சொன்னால் மாற்றத் தயார். இன்னொன்று: சோதனைக்காகவே வைத்திருக்கும் அந்த வீரோ செல்களுக்கு 'காட்டிச் செல்' என்று எழுதியிருக்கிறேன்.

செல்வம்:
'காட்டிச் செல்' வேண்டாம் அக்கா. வாசிக்கும்போது 'காட்டிவிட்டுப் போ' என்று கேட்கிறது.