அக்கவுண்டன்ட் ஹெட்லைனில் எந்தச் சொல் தேடலில் மாட்டும்? பெங்களூரு ஆட்கள் அனுபவம் சொல்லுங்க

பாலமுருகன், பீன்யா
லிங்க்ட்இன்ல என் ஹெட்லைன் "சீனியர் எக்ஸிக்யூட்டிவ்", பக்கத்துல கம்பெனி பேரு, அவ்வளவுதான். அதுவா வந்தது, நான் தொடவே இல்லை. மெஷின் பார்ட்ஸ் கம்பெனி, 7 வருஷம். பி.காம், சி.ஏ. இன்டர். முதல்ல டாலி, கடந்த 2 வருஷமா எஸ்ஏபி. ஜிஎஸ்டி, டிடிஎஸ் ரிட்டர்ன், மாசக் கடைசி கணக்கு முடிக்கிறது எல்லாம் என் பொறுப்பு. அவுட்டர் ரிங் ரோடு பக்கம் பெரிய கம்பெனிக்கு மாறணும். ஆனா வர்ற மெசேஜ் எல்லாம் இன்சூரன்ஸ் விற்கிற வேலைக்கு. எதை மாத்தணும்?

வாணி, மாரத்தஹள்ளி
ஃபைனான்ஸ் பணியிடங்களுக்கு ஆள் தேடுவது என் வேலை, அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "சீனியர் எக்ஸிக்யூட்டிவ்" என்ற சொல்லில் கணக்கே இல்லை. விற்பனையிலும் அதே பதவி உண்டு, ஹெச்.ஆரிலும் உண்டு. நாங்கள் தேடல் பெட்டியில் பதவியை மட்டும் போடுவதில்லை. செய்யும் வேலை, மென்பொருள், படிப்பு மூன்றையும் சேர்த்துப் போடுவோம். பெரும்பாலும் இப்படி:

```
"senior accountant" AND (GL OR "general ledger") AND SAP AND "month end"
```

இதில் "senior" தவிர ஒரு சொல்கூட உங்கள் ஹெட்லைனில் இல்லை. ப்ரொஃபைலின் மற்ற இடங்களில் இருந்தால் தேடலில் வரலாம். ஆனால் வந்த பட்டியலில் பெயருக்குக் கீழே தெரிவது ஹெட்லைன்தான். அதைப் பார்த்துத்தான் திறப்பதா, தாண்டிப் போவதா என்று முடிவு செய்கிறோம். எஸ்ஏபியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், எந்த வெர்ஷன் என்று முதலில் சொல்லுங்கள்.

ரமேஷ், கோரமங்களா
வாணி மேடம் சொல்றது சரி. அதனால 220 எழுத்து இடம் இருக்கே, முழுசா கீவேர்டா அடைச்சிடுங்க பாலா. அக்கவுண்டிங், புக் கீப்பிங், ஆடிட், டாக்ஸ், பேரோல், பட்ஜெட், ஃபைனான்ஸ், எம்ஐஎஸ். எதைத் தேடினாலும் நீங்க வருவீங்க.

வாணி, மாரத்தஹள்ளி
ரமேஷ் சார், பாதி சரி. 220 தான் எல்லை, இடத்தை வீணாக்கக் கூடாது என்பதும் சரி. ஆனால் பட்டியலில், அதுவும் மொபைலில், முழு வரி தெரியாது. முன்பக்கம் மட்டும் தெரிந்து மீதி மூன்று புள்ளியாகிவிடும். முதல் 40 எழுத்துக்குள் பதவியும் முக்கிய வேலையும் வந்துவிட வேண்டும். பேரோல், ஆடிட், பட்ஜெட் எல்லாம் ஒரே வரியில் நின்றால், எதிலும் ஆழமில்லாத ஆள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். செய்யாத வேலையை எழுதினால் முதல் போன் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

ஷகிலா, சிவாஜிநகர்
ஒரு எழுத்துப் பிழையைச் சொல்லியே ஆகணும். "அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ்" கணக்கு வேலை. நடுவுல இருக்கிற "ஸ்" போச்சுன்னா "அக்கவுண்ட் எக்ஸிக்யூட்டிவ்", அது வாடிக்கையாளரைப் பிடிக்கிற விற்பனை வேலை. அக்கவுண்ட்ஸ் மேனேஜர், அக்கவுண்ட் மேனேஜர் இரண்டும் அப்படித்தான். பாலா அண்ணா, விற்பனை மெசேஜா வருதுன்னா எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில பதவி எப்படி இருக்குன்னு பாருங்க.

பாலமுருகன், பீன்யா
பார்த்தேன். "Senior Executive - Account". எஸ் இல்லவே இல்லை!
மேடம், எஸ்ஏபி எஸ்/4ஹானா. வவுச்சர் போடறது, ஜிஎல் க்ளியரிங், மாசம் க்ளோஸ் பண்றது. செட்டிங் எதுவும் தொடறதில்லை. "எஸ்ஏபி ஃபிகோ"ன்னு போடலாமா?

வாணி, மாரத்தஹள்ளி
வேண்டாம். ஃபிகோ என்று தேடுபவர்களில் பெரும்பாலானோர் அந்த மாட்யூலை நிறுவி, கட்டமைத்துத் தரும் கன்சல்டன்ட்டைத் தேடுகிறார்கள். உங்களுக்குத் தொடர்பில்லாத அழைப்புகள் வரும். "SAP S/4HANA" போதும். அதில் நீங்கள் பயன்படுத்துபவர் என்பது பக்கத்தில் இருக்கும் வேலைச் சொற்களாலேயே புரியும்.

இனி வரியை அமைப்போம். போக விரும்பும் பதவிக்கு 10 விளம்பரங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் வேலை, மென்பொருள், படிப்பைக் குறிக்கும் சொற்களைத் தனித்தாளில் எழுதிக் கோடு போட்டு எண்ணுங்கள். பாதிக்கு மேல் விளம்பரங்களில் வந்து, நீங்களும் உண்மையில் செய்த வேலையாக இருக்கும் சொல்தான் ஹெட்லைனுக்கு. "கடின உழைப்பாளி", "நுணுக்கமானவர்" போன்றவற்றை யாரும் தேடல் பெட்டியில் தட்டுவதில்லை. நீங்கள் சொன்னதை வைத்து:

```
Senior Accountant | GL, Month-End Close | GST & TDS Returns, GSTR-2B Reconciliation | TallyPrime, SAP S/4HANA | CA Inter | Manufacturing
```

136 எழுத்து. முதல் 39-இல் பதவியும் மாத முடிவும் வந்துவிட்டன. வெறும் ஜிஎஸ்டி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஜிஎஸ்டிஆர்-2பி ரெகன்சிலியேஷன் என்றால் சப்ளையர் பில்லையும் உள்ளீட்டு வரியையும் உட்கார்ந்து ஒப்பிட்டவர் என்று தெரியும். அதைச் செய்திருந்தால் மட்டும் வையுங்கள். "ஜெனரல் லெட்ஜர்" என்ற முழுச் சொல்லை எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் ஒரு முறை எழுதுங்கள். மேற்கோள் குறிக்குள் முழுச் சொல்லைத் தேடுபவருக்குச் சுருக்கம் மட்டும் உதவாது.

இன்னொன்று. பதவி என்ற ஃபில்டர் பார்ப்பது எக்ஸ்பீரியன்ஸில் உள்ள பதவிப் பெயரை. ஹெட்லைனில் "சீனியர் அக்கவுண்டன்ட்" என்றும் கீழே "சீனியர் எக்ஸிக்யூட்டிவ் - அக்கவுண்ட்" என்றும் இருந்தால் அந்த ஃபில்டரில் நழுவிவிடுவீர்கள். நியமனக் கடிதத்தில் இருக்கும் பதவியை மாற்றாமல் "Senior Executive - Accounts (Senior Accountant)" என்று எழுதலாம். சேமிக்கும் முன் நெட்வொர்க்குக்கு அறிவிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

கார்த்திக், ஜெயநகர்
எனக்கு வேலை போய் 3 மாசம் ஆச்சு. ஹெட்லைன்ல "வாய்ப்பைத் தேடுகிறேன்"னு போட்டிருக்கேன். போட்டோவையும் மாத்தணுமா?

ஷகிலா, சிவாஜிநகர்
தம்பி, இங்க பேசறது ஹெட்லைன் பத்தி, போட்டோவை விடுங்க. அந்த வரியை எடுத்துட்டு உங்க வேலைச் சொற்களை வைங்க. வேலை தேடறதைச் சொல்ல "ஓப்பன் டு வொர்க்" தனியா இருக்கு. வேலையில இருக்கிறவங்க அதுல ரெக்ரூட்டர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வைக்கலாம். ஆனா சொந்தக் கம்பெனிக்குத் தெரியவே தெரியாதுன்னு லிங்க்ட்இன் உறுதி சொல்றதில்லை.

ரமேஷ், கோரமங்களா
நௌக்ரியிலும் இதே வரியை ஒட்டிடலாமா? அங்க தினமும் ஹெட்லைனை மாத்தினா மேலே வந்துடும்னு சொல்றாங்களே.

வாணி, மாரத்தஹள்ளி
அங்கே 250 எழுத்து உண்டு. செங்குத்துக் கோடுகளை எடுத்து வாக்கியமாக்கி, எத்தனை வருட அனுபவம் என்பதையும் சேருங்கள். சமீபத்தில் வந்து போனவர்களை மட்டும் காட்டச் சொல்லும் ஃபில்டரை நாங்கள் பயன்படுத்துவது உண்மை. ஆனால் சொல் பொருந்தாவிட்டால் தினமும் மாற்றியும் பயனில்லை. அங்கே கீ ஸ்கில்ஸ் தனிப் பெட்டி. அதைக் காலியாக விடுபவர்களே அதிகம், ஹெட்லைனுக்கு முன்னால் அதை நிரப்புங்கள்.

தனலட்சுமி, ஒயிட்ஃபீல்ட்
வாணி, ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. பாலா போக நினைக்கும் ஷேர்டு சர்வீஸ் சென்டர்களில் "ஆர்2ஆர்" என்றுதான் தேடுகிறார்கள். ஜிஎல், மாத முடிவு எல்லாம் ரெக்கார்ட் டு ரிப்போர்ட் வேலையின் உறுப்புகள்தானே. அதைச் சேர்த்தால் பொய் ஆகாது. கடைசியிலிருக்கும் மேனுஃபேக்சரிங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கலாம்.

வாணி, மாரத்தஹள்ளி
சேர்க்கலாம், ஆனால் ஆர்2ஆர் என்று வந்தாலே இன்டர்கம்பெனி, கன்சாலிடேஷன் என்று கேட்பார்கள். ஒரே கம்பெனி கணக்கைப் பார்த்தவர் அங்கே திணறுவார். மேனுஃபேக்சரிங்கை எடுத்தால் இன்வென்டரி, காஸ்டிங் தெரிந்த ஆள் என்ற அடையாளமும் போய்விடும்.

தனலட்சுமி, ஒயிட்ஃபீல்ட்
இன்டர்கம்பெனி இல்லாத ஆர்2ஆர் பணிகளும் நிறைய வருகின்றன. மாத முடிவு அனுபவம் போதும் என்று எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பாலமுருகன், பீன்யா
வாணி மேடம் சொன்ன வரியையே இன்னைக்குப் போட்டுட்டேன், "எஸ்"ஸும் சேர்த்தாச்சு. இந்த வாரம் தேடல்ல எத்தனை தடவை வந்தேன்னு காட்டுற எண்ணிக்கையைக் குறிச்சு வைக்கிறேன். தேடினவங்க என்ன பதவியில இருக்காங்கன்னும் பார்க்கிறேன். 2 வாரம் கழிச்சு ஆர்2ஆர் சேர்த்து, திரும்ப 2 வாரம் பார்க்கிறேன். இரண்டையும் இங்க போடறேன்.