240 பாயிண்ட் மீதமிருந்தது, 250 முடித்தோம், இன்னும் 60 மீதம்

வடகரை:
வெளியீட்டுத் தேதியை முன்கூட்டிக் கணித்துத் தவறிய அனுபவங்களை இந்த இழையில் பகிர்ந்துகொள்ளலாம். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். நாங்கள் ஆறு பேர் கொண்ட மென்பொருள் குழு. ஸ்பிரிண்ட் என்று நாங்கள் சொல்லும் ஒரு வேலைச் சுற்று இரண்டு வாரம். வேலையின் அளவைப் பாயிண்டில் மதிப்பிடுவோம். தேதி கேட்கப்பட்டபோது, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கில் 240 பாயிண்ட் மீதமிருந்தது. அதற்கு முந்தைய எட்டு ஸ்பிரிண்டுகளில் நாங்கள் முடித்தவை 31, 18, 27, 34, 22, 12, 29, 27. சராசரி சரியாக 25. 240-ஐ 25-ஆல் வகுத்தால் 9.6 வருவதால், பத்து ஸ்பிரிண்ட், அதாவது இருபது வாரம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன்.

பத்தாவது ஸ்பிரிண்ட் முடிந்த அன்று கணக்குப் பார்த்தபோது எங்கள் வேகம் சிறிதும் குறையவில்லை என்பது தெரிந்தது. சராசரி அதே 25. முடித்தது மொத்தம் 250. நான் சொன்ன 240-ஐக் கடந்த பிறகும் பேக்லாக்கில் 60 பாயிண்ட் நின்றது. ரிலீஸ் பதினான்காவது ஸ்பிரிண்டில்தான் நடந்தது. சோம்பிய குழு என்ற பெயரை இல்லாத குற்றத்துக்குச் சுமந்தோம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

மூங்கில்பாலம்:
எங்கள் அலுவலகத்தில் எந்த மதிப்பீட்டின் மேலும் இருபது சதவீதம் கூட்டித்தான் வெளியே சொல்வோம். நீங்களும் பத்துடன் இரண்டைச் சேர்த்துப் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தால் இவ்வளவு அவமானம் நேர்ந்திருக்காது.

பழைய நிரலர்:
கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதில் மூங்கில்பாலம் சொல்வது சரி. எவ்வளவு என்பதை வழக்கத்திலிருந்து எடுத்ததுதான் சிக்கல். பன்னிரண்டு என்றிருந்தாலும் இரண்டு ஸ்பிரிண்ட் தவறியிருக்கும். வடகரையின் கணக்கில் விடுபட்டது ஒரே ஓர் எண்தான், அது தேதி சொன்ன நாளிலேயே அவர் கையில் இருந்தது. எட்டு ஸ்பிரிண்டுகளுக்கு முன் உங்கள் பேக்லாக் எவ்வளவு இருந்தது என்று பார்க்க முடியுமா?

வடகரை:
பழைய ஸ்பிரெட்ஷீட்டைத் திறந்து பார்த்தேன். 384 பாயிண்ட்.

பழைய நிரலர்:
அந்த எட்டு ஸ்பிரிண்டுகளில் நீங்கள் முடித்தது 200. ஆனால் பேக்லாக் 384-இலிருந்து 240-க்கு, அதாவது 144 மட்டுமே இறங்கியிருக்கிறது. இடையில் 56 பாயிண்ட் உள்ளே வந்திருக்கிறது, ஸ்பிரிண்டுக்கு 7. நீங்கள் 25 இறைக்கும்போது 7 ஊறியதால், கிணறு இறங்கியது 18 மட்டுமே. 240-ஐ 18-ஆல் வகுத்தால் 13.3. பதினான்காவது ஸ்பிரிண்டில் முடித்ததாக நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

இந்த 7 எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளர் புதிதாகக் கேட்டதை மட்டுமே பலர் கூடுதல் வேலையாக எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட அதிகமாக வருவது, ஸ்டோரி என்று நாம் அழைக்கும் பேக்லாக் வேலைகளைச் சிறிதாகப் பிரிக்கும்போதுதான். 13 பாயிண்ட் என்று மேலோட்டமாகக் குறித்த ஒன்றை, அதன் முறை வந்ததும் உட்கார்ந்து பிரித்தால், 5, 5, 8 என்று 18 ஆகிவிடும். யாரும் எதுவும் புதிதாகக் கேட்கவில்லை, எனவே யாருக்கும் அது கூடியதாகவே தோன்றாது. சோதனையில் அகப்படும் பிழைகள் இதற்கு மேல்.

மின்மினி:
ஸ்பிரிண்டுக்கு முடிக்கும் பாயிண்டை, அதாவது வெலாசிட்டியை, உயர்த்தினால் தேதி முன்னே வரும் என்பதுதான் இழையின் பொருள் என்று எண்ணி எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். எங்கள் மேலாளர் குழுவின் சராசரியை 25-இலிருந்து 35-க்கு உயர்த்த வேண்டும் என்று இலக்கு வைத்தார். மூன்றே மாதத்தில் 36-ஐத் தொட்டோம். கணிப்புத் தேதி ஒன்றரை மாதம் முன்னே வந்தது, எல்லோருக்கும் இனிப்பு வழங்கினார்கள். பிறகு அந்தத் தேதி ஏன் தவறியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பழைய நிரலர்:
அந்த மாதங்களில் ஸ்பிரிண்டுக்கு எத்தனை ஸ்டோரிகள் முடிந்தன?

மின்மினி:
முன்பும் ஏழெட்டு, பின்பும் ஏழெட்டு.

பழைய நிரலர்:
அப்படியென்றால் வேலை கூடவில்லை, அளவுகோல்தான் சுருங்கிவிட்டது. முன்பு 3 என்று குறித்திருக்கக்கூடிய ஸ்டோரியை இலக்கு வந்த பிறகு 5 என்று குறித்திருப்பீர்கள். பேக்லாக்கின் அடியில் கிடந்தவையோ பழைய கோலால் அளந்தவை. புதிய கோலால் அளந்த வேகத்தைக் கொண்டு பழைய கோலால் அளந்த மீதியை வகுத்தால், தேதி முன்னே வரத்தான் செய்யும்.

வடகரை:
இதைப் படித்ததும் எங்கள் எண்ணிக்கையையும் சரிபார்த்தேன். எட்டு ஸ்பிரிண்டுகளில் முடித்த ஸ்டோரிகள் 51, ஸ்பிரிண்டுக்கு ஏறக்குறைய 6.4. புதிதாகச் சேர்ந்தவை சராசரியாக 2. அன்று மீதமிருந்தவை 58. 58-ஐ 4.4-ஆல் வகுத்தால் 13.2 வருகிறது. பாயிண்டில் கணக்கிட்டாலும் எண்ணிக்கையில் கணக்கிட்டாலும் ஒரே விடைதான் என்றால், ஒவ்வொரு ஸ்டோரிக்கும் பாயிண்ட் குறிக்க நாங்கள் செலவிட்ட மதிய வேளைகளை எண்ணிச் சற்றே சிரிப்பு வருகிறது.

தேரிக்காடு:
14 என்பதையும் ஒற்றைத் தேதியாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் ஸ்பிரிண்டுகள் 12 முதல் 34 வரை ஆடுகின்றன. சராசரியால் வகுத்துக் கிடைக்கும் தேதி ஏறத்தாழ நாணயம் சுண்டுவதற்குச் சமம். அந்த எட்டு எண்களைச் சீட்டுகளாக எழுதி, ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டு, மீதி தீரும்வரை கழித்துக்கொண்டே போவதைப் பத்தாயிரம் முறை செய்தால் போதும்.

```python
import random
v = [31, 18, 27, 34, 22, 12, 29, 27]
def run():
    left, n = 240, 0
    while left > 0:
        left += 7 - random.choice(v)
        n += 1
    return n
r = sorted(run() for _ in range(10000))
print(r[5000], r[8500])
```

எனக்கு 14, 15 என்று வந்தது. 13 ஸ்பிரிண்டுக்குள் முடியும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது. 15-க்குள் என்றால் எண்பத்தைந்துக்குச் சற்று மேல். வாடிக்கையாளரிடம் நான் 15 என்றே சொல்லியிருப்பேன்.

மூங்கில்பாலம்:
அந்த 12-ஐ ஏன் வைத்திருக்கிறீர்கள்? அது தீபாவளி வாரமாக இருக்கும்; பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். அதை நீக்கினால் சராசரி 27-ஐ நெருங்கும்.

வடகரை:
தீபாவளிதான். ஆனால் தேதி சொன்ன பிறகு வந்த பதினான்கு ஸ்பிரிண்டுகளில் பொங்கல் ஒன்று இருந்தது, கோடை விடுமுறையும் இருந்தது.

பழைய நிரலர்:
எனவே 12 இருக்கட்டும். எட்டில் ஒரு ஸ்பிரிண்ட் இளைப்பது பதினான்கில் ஒன்றிரண்டு இளைப்பதற்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆனால் தேரிக்காட்டின் நிரலில் எனக்கு வேறொரு தயக்கம் உண்டு. எட்டு எண்களை மட்டும் வைத்துப் பார்க்கும்போது, குழுவின் உண்மையான சராசரி 22-ஆகவோ 28-ஆகவோ இருந்திருக்கலாம். நிரல் அதை 25 என்று உறுதியாக எடுத்துக்கொள்கிறது. மாறாத 7-உம் அப்படித்தான். எனவே 14-க்கும் 15-க்கும் இடையில் தெரியும் அந்த ஒரு ஸ்பிரிண்ட் இடைவெளி, உண்மையில் இருப்பதைவிடக் குறுகியது என்றே நினைக்கிறேன்.

தேரிக்காடு:
எட்டு எண்களுக்கு மேல் இல்லாதபோது வேறு என்ன செய்வது? ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் புதிய எண்ணைச் சேர்த்து மீண்டும் ஓட்டுவேன். அந்த 7-ஐப் பொறுத்தவரை, இறுதியில் புதிய கோரிக்கைகள் நின்று அது குறையும் என்பது என் அனுபவம்.

பழைய நிரலர்:
என் அனுபவத்தில் முழுச் சோதனை தொடங்கும் கடைசி மூன்று ஸ்பிரிண்டுகளில்தான் அது இரு மடங்காகும். வடகரையின் கடைசி நான்கு ஸ்பிரிண்டுகளில் எவ்வளவு சேர்ந்தது?

வடகரை:
பத்தாவது ஸ்பிரிண்டுக்குப் பிறகு அதைக் குறித்துவைக்கவில்லை. வேலைகளைப் பதிந்துவைக்கும் ஜிராவில் ஒவ்வொரு ஸ்டோரியும் உருவான தேதியைக் கொண்டு எண்ணிவிடலாம், ஆனால் பிரித்தபோது கூடிய பாயிண்ட்களை எப்படிப் பிரித்தறிவது என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை எண்ணிவிட்டு எழுதுகிறேன்.