புதுப்பிப்பு: மங்கிய குடும்பப் படம்

“பழுப்பேறிய கறுப்பு வெள்ளைப் படத்தின் ஸ்கேனில் தூசியும் மஞ்சள் கறையும் நிறைய. மறுபடி அச்சிட எப்படிச் சரிசெய்வது?” என்று முன்பு கேட்டிருந்தேன்.

நண்பர் சொன்னபடி, தற்காலிகமாக ஒரு செங்குத்தான Curves அடுக்கு போட்டதும் ஒளிந்திருந்த தூசியெல்லாம் தெரிந்தது. அதன் கீழே தனி அடுக்கில் ஹீலிங் பிரஷ்ஷால் நீக்கினேன். தானியங்கி ஃபில்டர் கண்ணின் ஒளிப்புள்ளியையும் தின்றுவிடும், முகத்துக்கு ஆகாது.

“கிரேஸ்கேலாக்கு, கறை போய்விடும்” என்றார் இன்னொருவர். மஞ்சள் போனது, சாம்பல் திட்டு நின்றது. மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் இருண்டு தெரியும். சிவப்பில் ஏறக்குறைய மறையும். சரி என்று சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டு, தலைமுடியில் இழைகள் அடைபடாத அளவுக்குக் கருமை கூட்டி, கடைசியில் லேசான பழுப்பு ஏற்றினேன்.

தன் வெளிறிய வண்ணப் படத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே மூன்று சேனலையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும்.

ஓரத்து வெள்ளிப் பளபளப்பு மட்டும் இன்னும் போகவில்லை.